நாவல் உரையாடலில் பாலு எப்போது பாலசுப்பிரமணியன் ஆகிறார்?

என் நாவலில் திருநெல்வேலி ஜவுளிக்கடை ஒன்று வருகிறது. அங்கே கல்லாவில் இருப்பவர் பாலசுப்பிரமணியன், வீட்டிலும் கடையிலும் பாலு. கல்லாவில் பணம் குறைந்து முதலாளிக்கு அவர் மேல் சந்தேகம் வரும் அத்தியாயத்தை நான்கு முறை எழுதியும் சூடு ஏறவில்லை. கடைசியில் கூப்பிடும் விதத்தை மாற்றியதும்தான் அது நின்றது. அதைச் செய்த வரிசையில் சொல்கிறேன்.

முதலில் ஒரு கட்டம் போடுங்கள். இடப்பக்கம் பேசுபவர்கள், மேலே கேட்பவர்கள், குறுக்கே யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது. பாலுவை அம்மா 'பாலு' என்கிறார், கடைப் பையன்கள் 'பாலு அண்ணே', முதலாளி 'ஏலே பாலு'. பாலு முதலாளியை 'அண்ணாச்சி' என்கிறார். நாவல் எழுதும் சில மென்பொருள்களில் பாத்திரங்களைப் பற்றிக் குறித்துவைக்கப் பக்கம் இருக்கிறது, ஆனாலும் நான் கோடு போட்ட நோட்டையே சொல்வேன். எழுதும்போது பக்கத்தில் திறந்தே கிடக்கும், அதுதான் வேண்டும்.

அடுத்தது நான் மாட்டிக்கொண்ட இடம். கோபம் வந்தால் முழுப்பெயர் என்று எங்கோ படித்ததை வைத்து, முதலாளி இனிஷியலோடு 'டி. பாலசுப்பிரமணியன்!' என்று கத்துவதாக எழுதினேன். படித்த நண்பருக்கு அது பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரி கேட்டது. நம் பேச்சில் பெயர் தனியாக வேலை செய்வதில்லை. பெயர், நீ அல்லது நீங்க, கடைசியில் ஒட்டும் 'லே', 'ப்பா', 'டா' போன்ற வால், இந்த மூன்றும் சேர்ந்துதான் நெருக்கத்தைக் காட்டுகின்றன. மூன்றையும் ஒரே வரியில் மாற்றினால் வாசகருக்கு அதிர்ச்சி மட்டும்தான் கிடைக்கும், பயம் வராது. அதனால் படிப்படியாக எடுத்தேன்.

காலையில் எப்போதும் போல: "ஏலே பாலு, சாப்பிட்டியாலே?"

கணக்கு உதைத்த பிறகு வால் மட்டும் போகிறது: "பாலு, சாவி எங்க?"

மறுநாள், மற்ற ஊழியர்கள் முன்னால்: "பாலசுப்பிரமணியன், முந்தாநாள் ராத்திரி கல்லாவை எண்ணினது நீங்கதானே?"

மரியாதை கூடியிருக்கிறது, அதனாலேயே ஆள் விலகியிருக்கிறார். பதினைந்து வருடம் 'லே' போட்டவர் 'நீங்க' என்றால் பாலுவுக்கு அது அடி. இங்கே 'கோபமாகச் சொன்னார்' என்று சேர்க்காதீர்கள், சேர்த்தால் அந்த 'நீங்க' செய்த வேலை வீணாகும்.

சரி, பாலு என்ன செய்வார்? கீழே இருப்பவர் மரியாதையைக் குறைத்துப் பேச முடியாது. குறைத்தால் அது சண்டை, வேலையை விடும் காட்சி. அவர் கையில் இருப்பது உறவுச் சொல் ஒன்றுதான், அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்: "ஆமா மொதலாளி, நான்தான் எண்ணினேன்." அதுவரை ஒரு இடத்தில்கூட அவர் 'மொதலாளி' என்று சொல்லியிருக்கக் கூடாது. முன்னாலேயே நாலு இடத்தில் வந்துவிட்டால் இந்த வரி செத்துவிடும். நான் பழைய அத்தியாயங்களுக்குப் போய் எல்லாவற்றையும் 'அண்ணாச்சி' ஆக்கினேன்.

அப்புறம், கதைசொல்லி அவரை எப்போதும் ஒரே பெயரில் சொல்லட்டும். நான் 'பாலு புறப்பட்டார்', 'பாலசுப்பிரமணியன் புறப்பட்டார்' என்று மாற்றி மாற்றி எழுதியதில் ஒருவர் இரண்டு ஆட்கள் என்றே நினைத்துப் படித்திருக்கிறார். நேருக்கு நேர் பேசும்போதும் பெயரை அடிக்கடி போடாதீர்கள். இருவர் மட்டும் இருக்கும் அறையில் யாரும் வரிக்கு வரி பெயர் சொல்வதில்லை.

கடைசியாகச் சரிபார்ப்பது. கணினியில் 'பாலு' என்று தேடினால் 'பாலுக்கு', 'பாலும்' என்று காப்பி போடும் பாலெல்லாம் வந்து நிற்கும். 'பாலுவ' என்று தேடினால் பாலுவை, பாலுவிடம் எல்லாம் வரும், ஆனால் கூப்பிடும்போது வரும் வெறும் 'பாலு' விட்டுப்போகும். அதனால் உரையாடல் வரிகளை மட்டும் அச்செடுத்துப் பேனாவால் வட்டம் போடுகிறேன். 'மணி' என்று செல்லப்பெயர் வைத்தால் இன்னும் கஷ்டம், கடிகாரமும் கோயிலும் சேர்ந்து வரும்.

பின்சேர்க்கை: பாலுவின் மனைவி அவரை எப்படிக் கூப்பிடுவார் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கட்டத்தில் அந்த இடத்தை நான் காலியாக விட்டிருந்தேன். எங்கள் ஊர்ப்பக்கம் அந்த வயதுப் பெண்கள் பலர் கணவர் பெயரைச் சொல்வதில்லை, 'என்னங்க'தான். அதனால் அவருக்குக் கோபம் வரும்போது மாற்றுவதற்குப் பெயரே இல்லை. அந்த இரவில் 'என்னங்க' கூட நின்றுபோகிறது. கணவர் எதிரே உட்கார்ந்திருக்க, மகளைப் பார்த்துச் சொல்கிறார்: "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லுடி."