கிரெடிட் கார்டு ஆண்டுக் கட்டணம் கட்டுபடியாகிறதா? ஸ்டேட்மென்டை வைத்தே கணக்குப் போடலாம்

போன வருடம் பாரிஸில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஒரு மாதம் போய்வந்தேன். புதுச்சேரிக்குத் திரும்பிக் கொஞ்ச நாளில் கார்டின் ஆண்டுக் கட்டணம் ₹2,500, அதற்கு ஜிஎஸ்டி ₹450 என்று ஸ்டேட்மென்டில் வந்து நின்றது. பாயின்ட்தான் நிறைய சேர்ந்திருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டே கணக்குப் போட உட்கார்ந்தேன்.

முதலில் பாயின்ட். 6,400 இருந்தது. பரிசுப் பட்டியலில் மிக்ஸி, பெட்டி எல்லாம் காட்டுவார்கள், அதை வைத்து மதிப்புப் போடாதீர்கள், அங்கே விலையே ஏற்றித்தான் இருக்கும். பில்லில் கழித்தால் ஒரு பாயின்டுக்கு எவ்வளவு என்று பாருங்கள். என் கார்டில் 25 பைசா, அதாவது ₹1,600. மாற்றுவதற்கு ₹99, அதற்கும் ஜிஎஸ்டி. கையில் நிற்பது ₹1,483.

அடுத்தது வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி கூடுதலாகப் பிடிக்கும் மார்க்கப். நான் தடுமாறியது இங்கேதான். என் கார்டில் 3.5%. ஆனால் ஸ்டேட்மென்டில் மார்க்கப் என்று ஒரு பதிவுகூட இல்லை, சரி, பிடிக்கவில்லை போல என்று நினைத்துவிட்டேன். சில வங்கிகள் அதைத் தனியாகக் காட்டாமல் ரூபாய்த் தொகைக்குள்ளேயே சேர்த்துவிடும். 100 யூரோ பில் ஒன்று ₹9,315 என்று இருந்தது, அதன் கீழே IGST ₹56.70. அந்தக் குட்டித் தொகைதான் காட்டிக்கொடுத்தது. மார்க்கப்பில் 18% அது, ஆகவே 0.18-ஆல் வகுத்தால் மார்க்கப் ₹315 என்று வந்துவிடும். உண்மையான பில் ₹9,000.

கார்டு ஆப்பில் இதெல்லாம் தெரியாது, பிடிஎஃப் ஸ்டேட்மென்டைத் திறந்துவைத்து எக்ஸெலில் ஏற்றுவதுதான் எனக்குச் சரிப்படும். வெளிநாட்டு பில்களின் ஜிஎஸ்டியை மட்டும் C பத்தியில் போடுங்கள் (ஆண்டுக் கட்டணம், வட்டிக்கு வரும் ஜிஎஸ்டியைச் சேர்க்காதீர்கள்):

```
=SUM(C2:C40)/0.18
```

எனக்கு ஜிஎஸ்டி ₹504, மார்க்கப் ₹2,800, ஆக ₹3,304. இதோடு கட்டணம் ₹2,950 சேர்த்து, பாயின்டைக் கழித்தால் ₹4,771 நஷ்டம். பயணமே போகாத வருடத்திலும் தேறாது: ₹150-க்கு 4 பாயின்ட் என்ற கணக்கில், கட்டணத்தை மட்டும் எடுக்கவே சுமார் ₹4.4 லட்சம் செலவழிக்க வேண்டும். பெட்ரோலும் வாடகையும் அதில் சேராது வேறு. பாயின்டை பில்லில் கழித்துவிட்டு, அப்புறம் கார்டை மூடினேன்.

பின்சேர்க்கை: கடலூரிலிருந்து ஒருவர், "எனக்கு மார்க்கப் பாதிதான் வருகிறது" என்று கேட்டிருந்தார். அவருக்குத் தமிழ்நாட்டு முகவரி, வங்கியும் சென்னையிலிருந்து பில் போடுகிறது, அதனால் CGST 9%, SGST 9% என இரண்டு பதிவு. ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறார். இரண்டையும் கூட்டிவிட்டு வகுக்க வேண்டும். புதுச்சேரி முகவரி என்பதால் எனக்கு IGST என்று ஒரே பதிவாக வந்தது, அது எனக்குத் தோன்றவே இல்லை.