அலங்காரச் சொற்களால் கைநழுவும் ஆர்டர்கள்: பண்டிகைப் பரிசுப் பெட்டியை விவரிக்கும்போது நேரும் தவறுகள்

நிறுவனத்துக்காகப் பண்டிகைப் பரிசு வாங்குபவர் தனக்காக வாங்குவதில்லை. ஐந்தாறு விற்பனையாளர்களின் குறிப்புகளைத் திறந்து வைத்து, ஓர் அட்டவணையில் கட்டம் கட்டமாக நிரப்பி, மேலாளருக்கும் கணக்குப் பிரிவுக்கும் அனுப்புவதுதான் அவர் வேலை. கொள்முதல் பிரிவில் இருந்தபோது நானும் அதைச் செய்திருக்கிறேன். கட்டம் காலியாக இருந்தால் போன் செய்து கேட்டு நிரப்புவார்கள் என்று நம்ப வேண்டாம். பண்டிகை நெருங்கும் வாரத்தில் அந்த வரிசையையே அழித்துவிடுவோம்.

முதல் தவறு, அளவு இருக்க வேண்டிய இடத்தில் அலங்காரச் சொல் வைப்பது. “ராயல் கொண்டாட்டப் பெட்டி: தேர்ந்தெடுத்த பருப்புகள், நாவில் கரையும் சாக்லேட், மணம் கமழும் மெழுகுவர்த்தி, கண்ணைக் கவரும் பெட்டி.” இதில் அட்டவணைக்குள் போகக்கூடிய சொல் ஒன்றுகூட இல்லை. அதே பெட்டியை இப்படி எழுதலாம்: “பாதாம் 200 கிராம், முந்திரி 200 கிராம், இரண்டும் கண்ணாடி ஜாடியில், சாக்லேட் 12 துண்டுகள், 150 கிராம், மெழுகுவர்த்தி 1, சுமார் 20 மணி நேரம் எரியும், மூடியுள்ள அட்டைப் பெட்டி, 40×30×15 செ.மீ.; மொத்த எடை 1.8 கிலோ, உணவுப் பொருள்களுக்குக் கையில் கிடைக்கும் நாளிலிருந்து குறைந்தது 60 நாள் ஆயுள்.” படிக்கச் சுவையாக இல்லைதான். ஆனால் வாங்குபவர் அப்படியே நகலெடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

பெட்டியின் நீள அகலம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கூரியர் நிறுவனங்கள் உண்மையான எடை, பெட்டி அடைக்கும் இடத்தைக் கொண்டு கணக்கிடும் எடை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பணம் வாங்குகின்றன. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுப்பார்கள். இந்த எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நம் பெட்டிக்கு 18,000ஐ 5000ஆல் வகுத்தால் 3.6 கிலோ. கையில் தூக்கினால் 1.8 கிலோ, கட்டணமோ அதைப் போல் இருமடங்கு எடைக்கு. அளவைக் குறிப்பிடாத விற்பனையாளரின் விலை முதலில் மலிவாகத் தெரிந்து, பில் வரும்போது கசக்கும்.

விலையில் நடக்கும் தவறும் இதையொட்டியதுதான். ஒரு பெட்டியின் விலையை மட்டும் போட்டு, வரி, லோகோ அச்சு, டெலிவரி ஆகியவை அதில் அடங்குமா என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். 240 பெட்டி வேண்டும், 150 அலுவலகத்துக்கு ஒரே லாரியில், 90 ஊழியர்களின் வீடுகளுக்குத் தனித்தனியாக என்று வைத்துக்கொள்வோம். இங்கே ஒரே டெலிவரி விலை பயன்படாது. மொத்தமாக ஒரே முகவரிக்கு என்ன விலை, தனி முகவரி ஒன்றுக்கு எவ்வளவு கூடும், எத்தனை பெட்டிக்கு மேல் விலை குறையும் என்று மூன்று வரி எழுதினால் கணக்குப் பிரிவு அடுத்த கேள்வி கேட்காது.

“ஏழு நாளில் டெலிவரி” என்பது எனக்கு மிகவும் எரிச்சலூட்டிய வாக்கியம். எந்த நாளிலிருந்து ஏழு? ஆர்டர் கொடுத்த நாளா, முன்பணம் சேர்ந்த நாளா, லோகோ மாதிரிக்கு ஒப்புதல் தந்த நாளா? தாமதம் பெரும்பாலும் அந்த ஒப்புதலில்தான் ஒளிந்திருக்கிறது. மாதிரி அனுப்ப 2 நாள், ஒப்புதலுக்குப் பின் அச்சுக்கும் பேக்கிங்குக்கும் 5 நாள், அனுப்பிய பின் போய்ச்சேர 4 நாள் வரை என்று பிரித்துச் சொல்லுங்கள். வாங்குபவர் பண்டிகைத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, தன் மேலாளருக்கு எத்தனை நாள் அவகாசம் தரலாம் என்று தானே முடிவு செய்வார்.

வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று மூன்று தரம் வைப்பவர்கள் “வெள்ளியில் உள்ளவை அனைத்தும், கூடவே...” என்று எழுதுவது வழக்கம். படிப்பவர் மேலும் கீழும் ஓடவேண்டியிருக்கும். மூன்றிலும் அதே பொருள்களை அதே வரிசையில் எழுதி, இல்லாத இடத்தில் “இல்லை” என்று போட்டால் வேறுபாடு தானாகக் கண்ணில் படும்.

“இருப்பைப் பொறுத்துப் பொருள்கள் மாறலாம்” என்ற வரி நேர்மையானதுதான், ஆனால் பயமுறுத்தும். எது மாறலாம், அதற்குப் பதில் எது வரும், முன்கூட்டியே கேட்பீர்களா என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

படத்தையும் மறக்கக் கூடாது. அழகுக்காகப் பக்கத்தில் ஒரு பீங்கான் கோப்பை வைத்துப் படம் எடுத்த விற்பனையாளர் ஒருவரிடம் நாங்கள் வாங்கினோம். பெட்டிகள் வந்த அன்று மாலைக்குள், கோப்பை எங்கே என்று பதினொரு பேர் என் மேசைக்கு வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.