சாவியைக் கடைசியில் கொடுங்கள்: சிறிய ஓட்டல் செக்-இன்னில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறிய ஓட்டல்களில் செக்-இன் பல நேரம் தலைகீழாக நடக்கிறது. விருந்தினர் களைத்துப்போய் நிற்கிறார், பின்னால் இன்னொரு குடும்பம் காத்திருக்கிறது. "நீங்க ரூமுக்குப் போங்க, ஃபாரம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ரிசப்ஷனில் இருப்பவர் சாவியை நீட்டிவிடுகிறார். அறைக்குப் போய்ப் படுத்தவரை மறுபடி கீழே கூப்பிடச் சங்கடமாக இருக்கும். கடைசியில் அந்தப் படிவம் பாதி காலியாகவே ஃபைலுக்குப் போகும். அடையாள அட்டை, படிவம், பணம், ரசீது எல்லாம் முடிந்த பிறகுதான் சாவி கைமாற வேண்டும். ஏற்பாடு சரியாக இருந்தால் இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

அடையாள அட்டையை வாங்கியதும் நேராக ஜெராக்ஸ் எடுக்கப் போவது அடுத்த தவறு. நகல் எடுப்பது சரிபார்ப்பு ஆகாது. முதலில் படத்தையும் எதிரே நிற்பவர் முகத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு காலாவதி தேதியையும், முன்பதிவில் உள்ள பெயரையும் பாருங்கள். பெயர் வேறாக இருந்தால் உடனே சந்தேகப்பட வேண்டாம், நண்பரோ அலுவலகமோ பதிவு செய்திருக்கலாம். ஆனால் யார் பதிவு செய்தார் என்று கேட்டுப் படிவத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள். போனில் காட்டும் படத்தை மட்டும் நம்பாமல், அசல் அட்டையைக் கேளுங்கள்.

ஒருவர் அட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு, கூட வந்தவர்களை "பிளஸ் டூ" என்று எழுதுவதும் சகஜமாக நடக்கிறது. இரவில் தீ விபத்து என்றால், உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதற்கு அந்தப் பதிவேடுதான் ஆதாரம். குழந்தைகள் உட்பட அறையில் தங்கும் எல்லோர் பெயரும் அதில் இருக்க வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி பல நாடுகளில் உண்டு. அதனால் அவர்களுடைய பாஸ்போர்ட் எண்ணை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். பார்த்து முடித்ததும் அசலைக் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பணம் பாக்கி என்பதற்காக ஒருவருடைய பாஸ்போர்ட்டை மேசை டிராயரில் பூட்டி வைப்பது எனக்கு ஒருபோதும் சரியாகப் படுவதில்லை. தொலைந்தாலும் கிழிந்தாலும் பொறுப்பு ஓட்டல் தலையில்தான் விழும்.

காலிப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு, மற்றதைப் பிறகு ஊழியரே நிரப்புவதையும் விட்டுவிடுங்கள். அறை எண், வந்த நேரம், கிளம்பும் தேதி, ஒரு நாள் வாடகை, காலி செய்ய வேண்டிய நேரம் ஆகியவை எழுதப்பட்ட பிறகு போடும் கையெழுத்துக்குத்தான் மதிப்பு. காலி செய்யும் நேரத்தை வாயாலும் சொல்லுங்கள். சில இடங்களில் வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம், சில இடங்களில் மதியம் 12 மணிக்கே காலி செய்ய வேண்டும். இரவு பத்துக்கு வந்தவர் மறுநாள் இரவு பத்து வரை இருக்கலாம் என்று நினைத்தால், அது அவர் தப்பு இல்லை.

அதிகச் சண்டை வருவது அட்வான்ஸில்தான். ஒருவர் இரண்டு இரவுக்குப் பதிவு செய்து, ஓர் இரவு வாடகையை ஆன்லைனில் கட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வந்ததும் ரிசப்ஷனில் இரண்டு இரவு வாடகைக்குச் சமமான தொகையை ரொக்கமாக வாங்குகிறார்கள். ரசீதில் "அட்வான்ஸ் பெறப்பட்டது" என்று மட்டும் இருக்கிறது. வாங்கியவர் மனதில் கணக்கு தெளிவாக இருக்கிறது: பாதி மீதி வாடகை, பாதி திருப்பித் தர வேண்டிய டெபாசிட். காலையில் ஷிப்ட் மாறுகிறது. புதிதாக வந்தவர் மொத்தம் மூன்று இரவுக்குப் பணம் வந்திருப்பதைப் பார்த்து, தங்கல் நீட்டிக்கப்பட்டதாக நினைத்துக்கொள்கிறார். விருந்தினர் கிளம்பும் நாளில் டெபாசிட்டைக் கேட்டால், "மூணு நாளைக்குத்தானே கட்டியிருக்கீங்க" என்கிறார். இருவரும் உண்மையைத்தான் பேசுகிறார்கள், ரசீதுதான் பேசவில்லை.

ரசீதில் மூன்று வரி எழுதியிருந்தால் இது நடந்திருக்காது: ஏற்கெனவே கட்டியது, இன்று வாங்கிய வாடகை, திரும்பத் தரும் டெபாசிட். எதற்காக டெபாசிட்டில் கழிப்பீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். ஆன்லைன் பதிவுகளில் முழுப் பணமும் கட்டியாகிவிட்டதா, ஓட்டலில் கட்ட வேண்டுமா என்பது பதிவிலேயே இருக்கும். அதைப் பார்க்காமல் கேட்டால் ஒரே வாடகையை இரண்டு முறை வாங்கிவிடுவீர்கள்.

கார்டில் டெபாசிட் பிடித்தால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் பணம் எடுப்பதல்ல, கணக்கில் அந்தத் தொகையை நிறுத்தி வைப்பது. நீங்கள் விடுவித்த பிறகும் வங்கியில் சில நாள் ஆகலாம். கார்டின் பின்பக்க மூன்று இலக்க எண்ணை எக்காரணம் கொண்டும் படிவத்தில் எழுதி வைக்காதீர்கள், கார்டை நகலும் எடுக்காதீர்கள்.