டிரஸ்ட் பதிவைப் புதுப்பிக்கிறீர்களா? கவரிங் லெட்டரில் இந்தத் தவறுகள் வேண்டாம்

வாளையார் பக்கத்து பஜனை மடத்துச் செயலாளர் ஒருவர் போன வாரம் மாவட்டப் பதிவாளருக்கு எழுதிய கடிதத்தைக் காட்டினார். "தேவையான ஆவணங்கள் அனைத்தும் இணைக்கப்பட்டுள்ளன" என்ற கடைசி வரியைப் படித்ததும் எனக்குப் பழைய வலி திரும்ப வந்தது. பெயரில் டிரஸ்ட் என்றிருந்தாலும் சங்கமாகப் பதிவானவர்களுக்குத்தான் இது. வெறும் டிரஸ்ட் பத்திரம் மட்டும் பதிந்தவர்களுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வேலை இல்லை.

பக்கத்து ஊர்க் கடிதத்தைப் பார்த்து எழுதுவது

பாலக்காடு தாலுகா பழைய மலபார், அங்கே 1860ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டம். சித்தூர் தாலுகா பழைய கொச்சி ராஜ்யம், அங்கே 1955ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்-கொச்சிச் சங்கப் பதிவுச் சட்டம். உங்கள் பதிவுச் சான்றிதழில் எந்தச் சட்டம் இருக்கிறதோ அதையே பொருள் வரியில் எழுதுங்கள்.

"தேவையான ஆவணங்கள் அனைத்தும் இணைக்கப்பட்டுள்ளன"

இந்த ஒரு வரியால் எங்கள் மடம் ஒன்றரை வருடம் அலைந்தது. 1860 சட்டப்படி வருடாந்திரப் பொதுக்குழு முடிந்து 14 நாளுக்குள் நிர்வாகிகளின் பெயர், முகவரி, தொழில் அடங்கிய பட்டியலைக் கொடுக்க வேண்டும். நாங்கள் மூன்று வருடப் பட்டியலை நிலுவை வைத்திருந்தோம். எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி, மேலே இந்த வரியோடு கடிதம் வைத்துக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது மூன்றில் நடு வருடத்துப் பட்டியல் வரவில்லை என்றார்கள். கொடுத்தேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் கடிதத்தில் அந்த வருடத்தின் பெயரே இல்லையே, எதைக் காட்டி வாதாடுவது? அதற்குள் அந்த வருடம் தலைவராக இருந்தவர் காலமாகிவிட்டார். அவர் கையெழுத்திட்ட தாள் அது ஒன்றுதான், எங்களிடம் நகல்கூட இல்லை. மினிட்ஸ் புத்தகத்தைத் தேடி எடுத்து, புதிதாகப் பொதுக்குழு கூட்டித் தீர்மானம் போட்டு, தாமதத்துக்கு விளக்கமும் எழுதித்தான் வேலை முடிந்தது.

அதனால் வருடத்தின் பெயரோடு ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள். அசலா நகலா, எத்தனை பக்கம் என்பதும் அதே வரியில் வரட்டும்:

1. 2021-22 நிர்வாகிகள் பட்டியல், அசல், 2 பக்கம்
2. 2021-22 பொதுக்குழு மினிட்ஸ், நகல், 3 பக்கம்
3. 2021-22 வரவு செலவுக் கணக்கு, ஆடிட்டர் கையெழுத்துடன், அசல், 4 பக்கம்
4. பதிவுச் சான்றிதழ், நகல், 1 பக்கம்

அடுத்த வருடம் 5 என்று தொடரட்டும். கடைசியில் மொத்தப் பக்கம் எழுதுங்கள். பட்டியலில் உள்ள வரிசை எண்ணை அந்தந்த ஆவணத்தின் வலது மேல் மூலையிலும் பென்சிலில் போடுங்கள். கவுண்டரில் சரிபார்ப்பவருக்கு நிமிடத்தில் முடியும், ஒரு தாள் விடுபட்டாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

இனிஷியல்

நாம் முன்னால் போடுவோம், மலையாளத்தார் பின்னால் போடுவார்கள். சான்றிதழில் உள்ளபடியே போடுங்கள்.

ஒரே பிரதி கொண்டுபோவது

வேண்டாம். கடிதம் இரண்டு பிரதி. ஒன்றில் அலுவலக முத்திரை, தேதி, பெற்றவர் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். அப்புறம் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று நான் திரும்பியதும்தான் எங்கள் நடு வருடம் காணாமல் போனதற்கு இன்னொரு காரணம்.