டேர்ம் லோன் தவணையை வட்டி, அசல்னு பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முழுத் தவணையையும் செலவுல போடுறது, இல்லாட்டி முழுசையும் லோன் லெட்ஜர்ல தள்ளிட்டு வட்டியையே மறந்துடறது, இதெல்லாம் யாராவது சீக்கிரமே பார்த்துச் சொல்லிடுவாங்க, அதனால அதை விட்டுடறேன். புதுசா கணக்கு எழுத வர்றவங்க எல்லாரும் வரிசையா போய் விழற குழி வேற ஒண்ணு இருக்கு.

மொத்த வட்டியை மாசத்தால வகுக்கறது

இதைப் பார்த்தாலே எனக்கு இன்னும் எரிச்சல் வரும். ஏன்னா பண்றவங்க சோம்பேறிங்க இல்ல, பிரிக்கணும்னு தெரிஞ்சுதான் பிரிக்கறாங்க, ஆனா பிரிக்கற விதம் தப்பு.

10,00,000 லோன், வருஷத்துக்கு 12%, அதாவது மாசம் 1%, 60 தவணைன்னு வச்சுக்கோங்க. தவணை 22,244.45 வரும். அறுபதையும் கூட்டினா சுமார் 13,34,667, அதுல 10 லட்சம் போக மீதி 3,34,667 வட்டி. இதை அறுபதால வகுத்து மாசம் 5,578 வட்டி, 16,667 அசல்னு ஒரே என்ட்ரியை காப்பி பண்ணிட்டே போவாங்க. பார்க்க அழகா இருக்கும், தவணையோட கூட்டல் டேலி ஆகும், பேங்க் லெட்ஜரும் சரியா நிக்கும், அதனால யாருக்கும் சந்தேகமே வராது.

ஆனா வட்டி ஓடறது அன்னைக்கு நிக்கற பாக்கி மேல. முதல் மாசம் 10 லட்சத்துக்கு 1%, அதாவது 10,000 வட்டிக்கே போயிடும், அசல்ல கழியறது வெறும் 12,244.45தான். அடுத்த மாசம் பாக்கி 9,87,755.55, வட்டி 9,877.56, அசல் 12,366.89. இப்படி வட்டி கொஞ்சம் கொஞ்சமா இறங்கும், அசல் ஏறும்.

முதல் 12 மாசத்துல உண்மையான வட்டி 1,11,643. வகுத்துப் போட்டவங்க புக்ல 66,933தான் இருக்கும். அதாவது லாபம் 44,710 கூடுதலா தெரியுது, லோன் பாக்கியும் அதே அளவு குறைச்சலா தெரியுது, பேங்க் 8,44,710னு சொல்லும்போது புக்ல 8,00,000. கடைசி வருஷம் இது அப்படியே தலைகீழ், உண்மையான வட்டி 16,570தான், புக்ல அதே 66,933. அஞ்சு வருஷம் முடிஞ்சா எல்லாம் சரியாயிடுமேன்னு ஒருத்தர் என்கிட்டயே வாதாடினார், ஆயிடும்தான், ஆனா அதுக்கு நடுவுல மூடற ஒவ்வொரு வருஷக் கணக்கும் தப்பு, அந்த லாபத்தை நம்பி வரி கட்டி பங்கு பிரிச்சவங்களுக்கு யார் பதில் சொல்றது?

இதைவிட மோசம், வருஷக் கடைசியில லோன் ஸ்டேட்மென்ட் வந்ததும் அந்த 44,710ஐ சஸ்பென்ஸ்ல தூக்கிப் போட்டுட்டு "பேங்க்ல ஏதோ தப்பா காட்டுதுங்க"ன்னு சொல்றது. ஒரு ஜூனியர் பையன் இதைச் சொல்லிட்டு பேங்குக்கு மெயிலே டைப் பண்ண ஆரம்பிச்சிட்டான், நிறுத்தி முதல் மாச வட்டியை மட்டும் கையால போடுடான்னேன், 10,000னு வந்ததும் மெயிலை மூடிட்டான்.

கண்டுபிடிக்கறது ரொம்ப ஈஸி. வட்டி லெட்ஜரைத் திறங்க, மாசாமாசம் ஒரே தொகை நின்னா வகுத்துப் போட்டிருக்காங்கன்னு அர்த்தம். வருஷ வட்டியை எக்செல்ல இப்படிச் சரிபார்க்கலாம், விடை மைனஸ்ல வரும், பயப்பட வேண்டாம்:

```
=CUMIPMT(1%,60,1000000,1,12,0)
```

பேங்க் நாள் கணக்குல வட்டி போட்டா சின்ன வித்தியாசம் வரும், 44,710 வராது.

பழைய ஷெட்யூலையே பிடிச்சுக்கிட்டு இருக்கறது

வட்டி விகிதம் ஏறும்போது பல லோன்ல தவணைத் தொகை அப்படியே இருக்கும், மாசக் கணக்குதான் நீளும். அக்கவுன்ட்ல போற தொகை மாறலியே, அப்புறம் என்னன்னு பழைய ஷெட்யூல்படியே என்ட்ரி போடுவாங்க, ஆனா உள்ள வட்டிப் பங்கு ஏறியிருக்கும். நடுவுல மொத்தமா ஒரு தொகை அசல்ல கட்டினாலும் இதே கதைதான், அந்த மாசத்துல இருந்து பழைய ஷெட்யூல் செல்லாது, பேங்க்ல புதுசு கேட்டு வாங்குங்க.

தவணை பவுன்ஸ் ஆன மாசம்

பணம் போகல, அதனால என்ட்ரி இல்லன்னு விட்டுடாதீங்க. வட்டி அந்த மாசமும் ஓடும். இதுக்காகவே நான் ஒரே என்ட்ரியில பிரிக்கறதில்ல, பேங்க் ஸ்டேட்மென்ட்ல இருக்கற மாதிரியே வட்டி ஏறின தேதியில வட்டி டெபிட், லோன் கிரெடிட், தவணை போன தேதியில லோன் டெபிட், பேங்க் கிரெடிட்னு ரெண்டா போடச் சொல்வேன். தவணை போகாட்டியும் முதல் என்ட்ரி நிக்கும், லோன் பாக்கியும் ஸ்டேட்மென்ட்டோட வரிக்கு வரி ஒத்துப் போகும்.

அபராதம்

அசல் இல்ல. தனிச் செலவு.

கணக்கு முடிக்கிற நாள்

தவணை 5ஆம் தேதி, கணக்கு முடியறது 31ஆம் தேதின்னா நடுவுல 26 நாள் வட்டி ஓடியிருக்கு, அதையும் அந்த வருஷச் செலவுல எடுத்து கொடுபட வேண்டிய வட்டின்னு காட்டணும். அடுத்த வருஷம் முதல் தவணை போகும்போது அதைக் கழிச்சுக்கோங்க, மறந்தா அந்த 26 நாள் ரெண்டு தடவை செலவாயிடும்.