நள்ளிரவு டாக்சிக் கணக்கு எங்கே சறுக்குகிறது

கோலாலம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஈப்போ அமான்ஜெயா முனையத்தில் நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி 12.20. அந்த நேரத்தில் சுங்கை சிப்புட்டுக்குப் பஸ் ஏது? நான், மச்சான், மச்சானுடைய தம்பி, வழியில் சிம்மோரில் இறங்க வேண்டிய ஓர் அக்கா என நாலு பேரும் ஒரு டாக்சியில் ஏறினோம். அக்காவை இறக்கிவிட்டு, சுங்கை சிப்புட் டவுனில் விடிய விடியத் திறந்திருக்கும் சாப்பாட்டுக்கடையில் நிறுத்தி, பிள்ளைகளுக்கு ரொட்டி சானாய் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். ஓட்டுநர் 57 வெள்ளி என்றார். 60 கொடுத்து மீதியை வைத்துக்கொள்ளச் சொன்னோம்.

அதுவரை சரி. மறுநாள் பசியாறும்போது ஆளுக்கு எவ்வளவு என்று கேட்டதில்தான் வம்பு. மச்சான் 15 என்றார். தம்பி, அக்காவுக்கு 3 வெள்ளி 25 சென் போதும் என்றான். நான் வேறொரு தொகை சொன்னேன். மூன்று பேருமே ஏதோ ஒரு இடத்தில் சறுக்கியிருந்தோம்.

முதலில் 57 எப்படி வந்தது என்று பார்ப்போம். அந்த வண்டியில் மீட்டர் ஓடியது. முதல் கிலோமீட்டருக்கு 3 வெள்ளி. அதற்கு மேல் 200 மீட்டருக்கு 25 சென், அல்லது 36 விநாடிக்கு 25 சென். இந்த ‘அல்லது’ முக்கியம். வண்டி ஓடும்போது மீட்டர் தூரத்தை எண்ணும். நின்றாலோ ஊர்ந்தாலோ நேரத்தை எண்ணும். 36 விநாடியில் 200 மீட்டர் என்றால் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம். அதற்குக் கீழே இறங்கினால் கடிகாரம் ஓடுகிறது, மேலே போனால் சக்கரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முனையத்திலிருந்து எங்கள் லயம் வரை 23 கிலோமீட்டர். முதல் கிலோமீட்டர் 3 வெள்ளி, மீதி 22 கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் 1.25 வீதம் 27.50. ஆக தூரத்துக்கு 30.50. சாப்பாட்டுக்கடையில் 18 நிமிடம் நின்றோம். 18 நிமிடம் என்பது 30 முறை 36 விநாடி, அதாவது 7.50. மீட்டரில் கடைசியில் நின்ற எண் 38.00. நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 6 மணி வரை மீட்டர் தொகைமேல் 50 விழுக்காடு கூடுதல். 38-க்கு அது 19. மொத்தம் 57. ஓட்டுநர் ஒரு சென் கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

நான் செய்த தவறு காத்திருப்பில். கடையில் நின்ற 18 நிமிடத்துக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும் என்று நினைத்து, 57-க்கு மேல் இன்னொரு 7.50-ஐக் கூட்டி வைத்திருந்தேன். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தால் காத்திருப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. மறுபடி சேர்த்தால் ஒரே நிமிடத்துக்கு இரண்டு முறை காசு. இதைக் கண்டுபிடிப்பது சுலபம். வண்டி நின்றதும் மீட்டரை ஒரு தடவை பாருங்கள், ஏறும்போது இன்னொரு தடவை பாருங்கள். எண் ஏறியிருந்தால் காத்திருப்பு உள்ளே வந்துவிட்டது. ஏறாமல் அப்படியே நின்றால் ஓட்டுநர் மீட்டரை நிறுத்தி வைத்திருக்கிறார். அப்போதுதான் காத்திருப்புக்குத் தனிப் பேச்சு. எனக்கு இது புதிதும் இல்லை. சில வருடங்களுக்கு முன் வேறொரு வண்டியில் இதே மாதிரி மீட்டரும் ஓடி, ‘வெயிட்டிங்’ என்று தனியாகவும் கேட்டு, நானும் தூக்கக் கலக்கத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். இந்த முறை யாரும் கேட்காமலேயே நானாகக் கூட்டிக்கொண்டேன், அவ்வளவுதான்.

இன்னொன்று. காத்திருப்பு மீட்டருக்குள் இருப்பதால் இரவுக் கட்டணம் அதன்மேலும் ஏறுகிறது. கடையில் நின்றதற்கு 7.50தானே என்று தோன்றும். உண்மையில் அது 11.25. எங்கள் கணக்கில் மூன்று பேருமே பொட்டலம் வாங்கினோம், அதனால் மூன்றாகப் பிரித்தது நியாயம். ஒருவர் மட்டும் தன் வேலைக்காக வண்டியை நிறுத்தியிருந்தால் அவர் தலையில் 11.25 விழ வேண்டும், 7.50 இல்லை. அந்த 3.75 பெரும்பாலும் மற்றவர்கள் மேல் சத்தமில்லாமல் ஏறிவிடும்.

தம்பி செய்த தவறும் இதே வகைதான். அக்கா சிம்மோரில் இறங்கும்போது மீட்டர் 13.00 காட்டியதை அவன் பார்த்திருக்கிறான். நாலு பேர், ஆளுக்கு 3.25 என்று முடித்துவிட்டான். அந்த வண்டியின் மீட்டரில் ஓடும்போது தெரிந்தது அடிப்படைத் தொகை மட்டும். இரவுக் கூடுதலை ஓட்டுநர் கடைசியில்தான் சேர்த்தார். ஆகவே நடுவழியில் இறங்குகிறவர் பங்கைக் கணக்கிடும்போது திரையில் தெரியும் எண்ணை அப்படியே வகுக்கக் கூடாது, முதலில் ஒன்றரை மடங்காக்க வேண்டும். 13-க்கு ஒன்றரை மடங்கு 19.50. நாலில் ஒரு பங்கு ஏறக்குறைய 4.88.

திருப்பிப் போடும்போதும் இதே இடத்தில் வழுக்கும். ‘57-இல் இரவுக் கட்டணம் எவ்வளவு?’ என்று கேட்டால் பாதிப் பேர் 28.50 என்பார்கள், 50 விழுக்காடு என்று காதில் விழுந்திருப்பதால். 50 விழுக்காடு என்பது 38-க்கு. மொத்தத்தில் அது மூன்றில் ஒரு பங்கு, அதாவது 19. ஓட்டுநர் சொன்ன தொகை சரியா என்று பார்க்க மொத்தத்தை ஒன்றரையால் வகுங்கள். மீட்டரில் நின்ற எண் வர வேண்டும்.

டிப்ஸ் கடைசியில்தான். அது மீட்டரில் இல்லை, அதன்மேல் 50 விழுக்காடு ஏறாது. 38-உடன் 3 சேர்த்து 41 ஆக்கி ஒன்றரை மடங்கு போட்டால் 61.50 வரும், போனில் அவசரமாகத் தட்டும்போது இந்த வரிசை மாறிவிடும். டோல் கட்டியிருந்தால் அதுவும் இப்படித்தான், கூடுதல் எல்லாம் போட்டு முடித்த பிறகு வெளியே நிற்கும். நாங்கள் பழைய சாலையில் வந்ததால் டோல் இல்லை. நம் ஊரில் டாக்சிக்கு டிப்ஸ் கட்டாயம் இல்லை. நோட்டுக்குத் தோதாக மேலே தள்ளிக் கொடுப்பதுதான் வழக்கம், எங்கள் 3 வெள்ளியும் அப்படி வந்ததே.

இனி மச்சானுடைய 15. அறுபதை நாலால் வகுத்தால் 15, வகுத்தலில் பிழை இல்லை. ஆனால் அக்கா 9 கிலோமீட்டர்தான் வந்தார், கடையில் எங்களோடு நிற்கவும் இல்லை. ஒரே இடத்தில் ஏறி ஒரே இடத்தில் இறங்குகிறவர்களுக்குத்தான் தலைக்கணக்கு பொருந்தும். நடுவில் ஒருவர் இறங்கினால் பயணத்தை அந்த இடத்தில் வெட்டிக்கொள்ள வேண்டும். சிம்மோர் வரை 19.50, அதை நாலு பேர் பகிர்கிறோம். அதற்குப் பிறகு மீதி 37.50, அதை மூன்று பேர். எங்கள் ஒவ்வொருவருக்கும் முதல் துண்டில் 4.88 போல, இரண்டாவது துண்டில் 12.50, ஆக ஏறக்குறைய 17.38. அக்காவுக்கு 4.88 மட்டும். டிப்ஸ் 3 வெள்ளியை நாலாகப் போட்டால் தலைக்கு 75 சென். அக்காவுக்கு 5.63, எங்களுக்கு 18.13 வீதம்.

‘நாம் இல்லாவிட்டால் அக்கா ஒற்றையாக 19.50 கொடுத்திருக்க வேண்டும், 15 கொடுத்தால் என்ன?’ என்று மச்சான் மடக்கினார். அதுவும் ஒரு நியாயம்தான், ஆனால் அந்த வாதத்தில் எங்கள் ரொட்டி சானாய்க்கான காத்திருப்பில் அக்காவும் பங்கு கட்டுகிறார். சிம்மோர் வழியிலேயே இருக்கிறது, அவருக்காக வண்டி வளைந்து போகவும் இல்லை. வளைந்து போயிருந்தால் அந்தக் கூடுதல் தூரத்தை அவர் பங்கில் சேர்ப்பது வேறு விஷயம்.

இந்தச் சென்களை என்ன செய்வது? 1 சென் காசு புழக்கம் குறைந்து, 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகக் கொடுக்கும் மொத்தத் தொகையைப் பக்கத்து 5 சென்னுக்கு முழுமையாக்குகிறோம். மொத்தத் தொகையை, ஒவ்வொரு வரியையும் அல்ல. நாலு பங்கையும் தனித்தனியாக மேலே தள்ளினால் அக்கா 5.65, நாங்கள் 18.15 வீதம் என்று 60.10 சேர்ந்துவிடும். கீழே தள்ளினால் குறையும், குறைவது வசூலிக்கிறவர் பையிலிருந்து. ஒருவர் கணக்கில் மட்டும் மிச்சத்தைப் போடுங்கள், அல்லது பெரிய தொகையாகவே பேசிக்கொள்ளுங்கள். அக்கா 6, நாங்கள் மூவரும் 18 வீதம் 54. சரியாக 60.

இதை அக்கா இறங்கும் இடத்திலேயே வாங்கியிருக்க வேண்டும். மறுநாள் வாட்ஸ்அப்பில் கேட்பது அவருக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். அவர் என்னவோ அன்றே 10 வெள்ளி நோட்டை நீட்டினார். ‘அப்புறம் பார்த்துக்கலாம்க்கா’ என்று கதவைச் சாத்தியது நான்தான்.

மீட்டர் போடாமல் பேசிக்கொள்ளும் வண்டிகள் நம் பக்கத்தில் அதிகம். அங்கே கேள்வி ஏறுவதற்கு முன்பே வர வேண்டும்.

“அண்ணே, மீட்டரா, பேசிக்கிட்ட காசா?”

“எண்பது வெள்ளி கொடுங்க.”

“இரவுக் காசு, வழியில கொஞ்சம் நிக்கிறது எல்லாம் சேர்த்துத்தானே?”

“எல்லாம் சேர்த்துத்தான். அரை மணிக்கு மேல நின்னா மட்டும் பத்து வெள்ளி கூட.”

இப்படிச் சொல்லிவிட்டால் 80-தான் முடிந்த தொகை. அதன்மேல் 50 விழுக்காடு போடுவதும் தவறு, இறங்கும்போது யாராவது கேட்டால் கொடுப்பதும் தவறு. பிரிப்பதற்கு மீட்டர் எண் கையில் இல்லையே என்றால் கிலோமீட்டரை வைத்துப் பிரிக்கலாம். 80-ஐ 23 கிலோமீட்டருக்குப் பரப்பினால் கிலோமீட்டருக்குச் சுமார் 3.48. முதல் 9 கிலோமீட்டர் 31.30 வரும், அதை நாலால் வகுத்தால் அக்காவின் பங்கு 7.83. அவர் 8 கொடுத்தால் மீதி 72, எங்களுக்கு ஆளுக்கு 24.