‘என் கணினியில் சரியாக வருகிறது’ என்று பிழை அறிக்கையை மூடலாமா?

மென்பொருள் பிழைகளைப் பதிந்து கண்காணிக்க உதவும் பக்ஸில்லாவில் ஒரு பிழை அறிக்கையை `RESOLVED` நிலைக்கு மாற்றும்போது அதற்கான காரணத்தையும் பதிய வேண்டும். சரிசெய்துவிட்டால் `FIXED`, முன்பே பதிவான பிழை என்றால் `DUPLICATE`, சரிசெய்யப்போவதில்லை என்றால் `WONTFIX`, அறிக்கையில் சொன்னபடி செய்துபார்த்தும் பிழை தென்படவில்லை என்றால் `WORKSFORME`. வந்த பிழைகளை அலசி முடிவெடுக்கும் டிரையாஜ் கூட்டங்களில் மிகவும் அவசரமாகக் கையாளப்படுவது கடைசிக் காரணம்தான்.

நான் சோதனையாளராக இருந்த ஒரு குழுவுக்கு, ‘தினசரி அறிக்கையில் ரசீதின் தேதி தவறாக உள்ளது’ என்ற ஒற்றை வரிப் புகார் வந்தது. டெவலப்பர் காலை 11 மணிக்கு ஒரு ரசீதைப் போட்டுப் பார்த்தார். தேதி சரியாகவே இருந்ததால் கூட்டத்தில் அதை உடனே மூடிவிட்டோம். புகார் அளித்தவர் இரவுப் பணியில் இருப்பவர் என்பதை யாரும் கவனிக்கவில்லை. சர்வர் நேரத்தை உலகப் பொது நேரமான யூடிசியில் சேமித்தது; தினசரி அறிக்கையோ அதை இந்திய நேரத்துக்கு மாற்றாமல் தேதியை மட்டும் எடுத்துக்கொண்டது. இந்திய நேரம் யூடிசியைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருப்பதால், நள்ளிரவு முதல் அதிகாலை 5:30-க்குள் போட்ட ரசீதுகள் எல்லாம் முந்தைய நாளின் கணக்கில் விழுந்தன. பிழை அறிக்கையை நிராகரிப்பதற்குப் பதிலாக, ரசீது எண்ணையும் அதைப் போட்ட நேரத்தையும் கேட்டு, பதிலுக்கு ஒரு கெடு வைத்துப் புகார்தாரருக்கே திருப்பியிருக்க வேண்டும்.

புகார் மீண்டும் திறக்கப்பட்டபோது இன்னொரு தவறு செய்தோம். ஒரு நாள் வித்தியாசம்தானே என்று பாதிப்பின் அளவைச் சிறியது எனக் குறித்து, அதையே முன்னுரிமைக்கும் அளவுகோலாகக் கொண்டு, ‘அடுத்த வெளியீடு’ என்று தள்ளிவைத்தோம். யார், எப்போது மறுபரிசீலனை செய்வார் என்று எழுதவில்லை. ஆனால் மாதத்தின் 1-ஆம் தேதி அதிகாலையில் போட்ட ரசீதுகள் சென்ற மாதக் கணக்கில் சேரும் என்பதால், மாத இறுதி நெருங்க நெருங்க அதே சிறிய பிழையின் அவசரம் கூடியது. பாதிப்பைச் சோதனையாளர் சொல்லலாம். எதை முதலில் சரிசெய்வது என்பதைக் கணக்குப் பிரிவின் தேவையை அறிந்த தயாரிப்புப் பொறுப்பாளரே முடிவுசெய்ய வேண்டும். தள்ளிவைப்பதாக இருந்தால், ‘மாதக் கணக்கு முடிப்பதற்கு முன் இன்னார் பார்ப்பார்’ என்ற குறிப்பாவது பிழை அறிக்கையில் இருக்க வேண்டும்.

யார் சரிசெய்வது என்பதிலும் ஒரு சறுக்கல் நேர்ந்தது. நேரம் சேமிப்பது சர்வரில் என்பதற்காக சர்வர் குழுவிடம் கொடுத்தோம். அவர்கள் சேமிக்கும்போதே 5:30 மணி நேரத்தைக் கூட்டிவிடலாம் என்றார்கள். அப்படிச் செய்திருந்தால், ஏற்கெனவே இந்திய நேரத்துக்கு மாற்றிக் காட்டும் திரைகளில் அது இருமுறை கூடியிருக்கும். பிழை இருந்தது தினசரி அறிக்கைக்குத் தரவை எடுக்கும் வினவலில். அதை எழுதியவரிடமே அது போயிருக்க வேண்டும்.

டெவலப்பர் `FIXED` என்று குறித்ததும் பிழை அறிக்கை, திருத்தம் சரிபார்க்கப்பட்டது என்று பொருள்படும் `VERIFIED` நிலைக்குப் போய்விடாது. திருத்தம் சேர்ந்த பில்டில், நள்ளிரவு 12:00, அதிகாலை 5:29, 5:30 ஆகிய நேரங்களைக் கொண்ட மூன்று ரசீதுகளை வேறொருவர் சோதித்து, மூன்றும் ஒரே தேதியில் வருவதைக் கண்ட பிறகே அந்தப் புகாரை மூடினோம்.